அடிக்குறிப்பிலிருந்து ஆசிரியர்-ஆண்டு முறைக்கு: பக்க எண் பிசகாமல் மாற்றுவது எப்படி?

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐயா, என் கட்டுரையில் எல்லா மேற்கோள்களும் அடிக்குறிப்பில்தான் இருக்கின்றன. இப்போது ஆசிரியர்-ஆண்டு முறையில் மாற்றித் தரச் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

கட்டுரையைத் தொடாமல் தொடங்குங்கள். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் நான் பார்த்த மாணவர்களில் பெரும்பாலானோர் முதல் பக்கத்தைத் திறந்து, முதல் குறிப்பை அடைப்புக்குறிக்குள் எழுதி, மேலே இருக்கும் சிறு எண்ணை அழித்துவிட்டு, அடுத்த குறிப்புக்குப் போகிறார்கள். வேர்டில் அந்தச் சிறு எண்ணை அழித்தால் அதனோடு குறிப்பும் அழிந்துவிடும். கீழே "மேலது" என்று எழுதியிருக்கும் குறிப்புகள் எதைச் சுட்டின என்பதற்கான ஒரே தடயம் அதுதான். பாதிக் கட்டுரை முடிந்த பிறகு திரும்பிப் பார்த்தால், மிச்சமிருக்கும் "மேலது"க்கு மேலே எதுவுமே இருக்காது.

எனவே முதல் வேலை, குறிப்புகள் எல்லாவற்றையும் வெளியே எடுத்து ஓர் அட்டவணையில் வைப்பது. ஏதாவதோர் அடிக்குறிப்பின் உள்ளே சுட்டியை வைத்து `Ctrl+A` அழுத்தினால் அடிக்குறிப்புகள் அனைத்தும் தேர்வாகும். அவற்றை நகலெடுத்துப் புதிய கோப்பில் ஒட்டுங்கள். ஒட்டும்போது எண்கள் ஒழுங்காக வராமல் போகலாம். ஆகவே பழைய கோப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்களே எண் இடுங்கள். பிறகு ஐந்து பத்திகள்: பழைய எண், குறிப்பு இருந்தபடியே, அது சுட்டும் நூலின் முழு விவரம், பக்கம், எந்தப் பதிப்பைக் கையில் வைத்துச் சரிபார்த்தீர்கள் என்பது. ஐந்தாவது பத்தி நிரம்பாத எந்தக் குறிப்பையும் கட்டுரைக்குள் கொண்டுபோகக் கூடாது. பழைய கோப்பின் ஒரு நகலைத் தனியே பத்திரப்படுத்துங்கள். கடைசிவரை அது வேண்டியிருக்கும்.

"மேலது", "முன் சுட்டிய நூல்" என்று நிறைய இருக்கின்றன. அவற்றை எப்படிப் பிரிப்பது?

இந்த மாற்றத்தில் பக்க எண்கள் தவறிப்போவது பெரும்பாலும் இங்கேதான். அதனால் ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் பார்த்துவிடுவோம்.

பினாங்குத் துறைமுகத்தில் வந்திறங்கிய தோட்டத் தொழிலாளர்களைப் பற்றிய கட்டுரை என்று வைத்துக்கொள்வோம். மாணவி இரண்டு நூல்களை முதன்மையாகப் பயன்படுத்தியிருக்கிறார். ஒன்று, கெர்னியல் சிங் சந்து எழுதி 1969-இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட, மலாயா இந்தியரின் குடியேற்றம் பற்றிய நூல். மற்றொன்று, மலேசிய, சிங்கப்பூர் இந்தியர் பற்றிச் சின்னப்பா அரசரத்தினம் 1970-இல் வெளியிட்ட நூல். நூல்கள் உண்மையானவை. கீழே வரும் பக்க எண்களும் நாளிதழ்த் தேதியும் விளக்கத்துக்காக நான் வைத்தவை.

12. சந்து, 1969, ப. 81.
13. தமிழ் நேசன், 12 மார்ச் 1938, ப. 5.
14. மேலது, ப. 84.
15. அரசரத்தினம், 1970, ப. 17.
16. மேலது.
17. சந்து, மு.சு.நூ., ப. 92, அரசரத்தினம், மு.சு.நூ., ப. 21.
18. மேலது, ப. 23.

பதினான்காம் குறிப்பைப் பாருங்கள். எழுதியிருப்பதை அப்படியே எடுத்துக்கொண்டால் அது தமிழ் நேசனின் 84-ஆம் பக்கத்தைச் சுட்டுகிறது. எந்த நாளிதழுக்கு 84 பக்கம் இருந்தது? நடந்தது இதுதான்: முதல் வரைவில் பதின்மூன்றாம் குறிப்பு இல்லை. 12-க்கு அடுத்தே "மேலது, ப. 84" இருந்தது. அது சந்துவைச் சுட்டியது. இரண்டாம் வரைவில் நாளிதழ்ச் செய்தி ஒன்றைச் சேர்த்தபோது அது நடுவில் புகுந்துகொண்டது. வேர்ட் எண்களை மட்டும் ஒழுங்காக மாற்றிக்கொண்டது. "மேலது" யாரைச் சுட்டுகிறது என்பது அதற்குத் தெரியாது.

இங்கே பக்க எண்ணே காட்டிக்கொடுத்துவிட்டது. இடையில் புகுந்தது நாளிதழாக இல்லாமல் இன்னொரு தடித்த நூலாக இருந்திருந்தால் 84-ஆம் பக்கம் அதிலும் இருந்திருக்கும், யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. ஆகவே ஒவ்வொரு "மேலது"க்கும் நூலைத் திறந்து, அந்தப் பக்கத்தில் நீங்கள் சொல்லும் செய்தி இருக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும். பழைய வரைவுகளை வைத்திருந்தால், எந்தக் குறிப்பு பிறகு சேர்ந்தது என்பதை அவற்றிலிருந்து அறியலாம். அது வேலையைப் பாதியாகக் குறைக்கும்.

பதினாறாம் குறிப்பில் பக்கமே இல்லை. பக்கமின்றி "மேலது" என்று மட்டும் வந்தால் அதே நூல், அதே பக்கம் என்று பொருள். மாற்றும்போது பலர் இதை (அரசரத்தினம் 1970) என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதினால் முழு நூலையும் சுட்டியதாக ஆகிவிடும். சரியான வடிவம் (அரசரத்தினம் 1970, 17). பழைய முறையில் மறைந்து நின்ற பக்க எண் புதிய முறையில் வெளிப்படையாக எழுதப்பட வேண்டும்.

பதினெட்டாம் குறிப்புதான் மிகவும் சிக்கலானது. அதற்கு முந்தைய குறிப்பில் இரண்டு நூல்கள் இருக்கின்றன. அப்படியானால் "மேலது" எது? கடைசியாக வந்த அரசரத்தினம் என்று பலர் ஊகிக்கிறார்கள். ஊகம் வேண்டாம். இரண்டு நூல்களின் 23-ஆம் பக்கத்தையும் திறந்து, எது உங்கள் வாக்கியத்தைத் தாங்குகிறது என்று பாருங்கள். முந்தைய குறிப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட நூல்கள் இருந்தால் "மேலது" போடவே கூடாது என்பது அடிக்குறிப்பு முறையிலேயே உள்ள விதி. அதை மீறி எழுதியதன் விலையை இப்போது கொடுக்கிறோம்.

நான் படித்த பதிப்பு ஒன்று, நூலகத்தில் இப்போது கிடைப்பது வேறு. எந்த ஆண்டைப் போடுவது?

எந்தப் பதிப்பின் பக்க எண்ணைத் தருகிறீர்களோ அந்தப் பதிப்பின் ஆண்டு. இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. அடிக்குறிப்பு முறையில் பதிப்பு விவரம் முதல் குறிப்பில் ஒருமுறை வந்துவிடும். பிறகு பக்க எண் மட்டுமே போதும். ஆசிரியர்-ஆண்டு முறையில் அந்த நான்கு இலக்கங்கள்தான் ஒவ்வொரு முறையும் பதிப்பின் அடையாளம். ஆண்டு தவறினால் பக்கமும் தவறு.

அரசரத்தினத்தின் நூலே நல்ல எடுத்துக்காட்டு. அது 1970-இல் வந்தது. 1979-இல் கோலாலம்பூரிலிருந்து திருத்திய பதிப்பு வந்தது. திருத்திய பதிப்பு என்றால் பக்கங்கள் நகர்ந்திருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டும். ஒரு மாணவர் முதல் இரண்டு இயல்களை வீட்டிலிருந்த பழைய பிரதியை வைத்தும், மூன்றாம் இயலைப் பல்கலைக்கழக நூலகப் பிரதியை வைத்தும் எழுதியிருப்பார். அடிக்குறிப்பில் எல்லாமே "அரசரத்தினம், மு.சு.நூ." என்று ஒரே முகத்தோடு நிற்கும். மாற்றும்போது எல்லாவற்றுக்கும் 1970 என்று போட்டால் பாதிப் பக்கங்கள் பொய்யாகிவிடும்.

இதற்கு வழி இரண்டு. ஒரே பதிப்பைத் தேர்ந்து, மற்றப் பதிப்பிலிருந்து எடுத்த பக்கங்களை அதில் தேடி மாற்றுவது முதல் வழி. அப்படிச் செய்யும்போது மேற்கோள் வாசகம் திருத்திய பதிப்பிலும் அதே சொற்களோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆசிரியர் அந்த வாக்கியத்தையே மாற்றியிருக்கலாம். அப்படி மாற்றியிருந்தால், அல்லது ஒரு பதிப்பு கைக்குக் கிடைக்கவில்லை என்றால், இரண்டாவது வழி: இரண்டு பதிப்புகளையும் தனித்தனிப் பதிவுகளாகப் பட்டியலில் வைத்து, உரைக்குள் (அரசரத்தினம் 1970, 17), (அரசரத்தினம் 1979, 31) என்று பிரித்துச் சுட்டுவது. முதல் வழியே வாசகருக்கு எளிது. முடிந்தவரை அதையே செய்யச் சொல்வேன்.

திருத்தம் எதுவுமில்லாத மறுவெளியீடு என்றால் இரண்டு ஆண்டுகளையும் காட்டலாம். சந்துவும் மணியும் பதிப்பித்த, தென்கிழக்காசிய இந்தியச் சமூகங்கள் பற்றிய தொகுப்பு 1993-இல் வந்து 2006-இல் மறுவெளியீடு கண்டது. சிகாகோ முறையில் மூல ஆண்டு சதுர அடைப்புக்குள் முதலில் வரும்: ([1993] 2006, பக்கம்). ஏபிஏ முறையில் 1993/2006 என்று சாய்கோடு போடுவார்கள். இரண்டிலும் பக்க எண் பின்னால் வரும் ஆண்டுக்கு, அதாவது நீங்கள் கையில் வைத்திருந்த பிரதிக்கு, உரியது. இப்படிப்பட்ட தொகுப்புகளில் இன்னொன்றையும் கவனியுங்கள்: உரைக்குள் வர வேண்டியது கட்டுரையை எழுதியவரின் பெயர். பதிப்பாசிரியர்களின் பெயர்கள் பட்டியலில் வரும்.

பிடிஎஃப் கோப்பில் படித்தேன். திரையில் 97 என்று காட்டுகிறது, பக்கத்தின் அடியில் 81 என்று அச்சாகியிருக்கிறது. எது சரி?

அச்சான எண்தான். திரையில் தெரிவது கோப்பின் எண்ணிக்கை. அட்டை, தலைப்புப் பக்கம், முன்னுரை எல்லாவற்றையும் சேர்த்து எண்ணிய கணக்கு அது. பழைய நூல்களில் முன்னுரைப் பகுதிக்கு ரோமன் எண்களும் நூலின் உடலுக்கு வழக்கமான எண்களும் இருப்பதால் இந்த வித்தியாசம் வருகிறது.

"வித்தியாசம் 16, எல்லாவற்றிலும் 16-ஐக் கழித்துவிடலாம்" என்று நினைக்காதீர்கள். வரைபடங்களும் புகைப்படத் தாள்களும் எண்ணிடப்படாமல் நடுவில் செருகப்பட்ட நூல்கள் நிறைய இருக்கின்றன. அந்த இடத்தைத் தாண்டியதும் வித்தியாசம் 18 ஆகவோ 20 ஆகவோ மாறிவிடும். ஸ்கேன் செய்தவர் ஒரு பக்கத்தை இரண்டு முறை எடுத்திருந்தாலும் கணக்கு பிசகும். நூலின் தொடக்கத்திலும் நடுவிலும் இறுதியிலும் சோதித்து, மூன்று இடங்களிலும் வித்தியாசம் ஒன்றாக இருந்தாலும், நேரடி மேற்கோள்களுக்கு மட்டுமாவது அச்சான எண்ணைக் கண்ணால் பார்த்துக் குறியுங்கள்.

உங்கள் அட்டவணையில் ஒரே நூலுக்கான பக்கங்களை ஏறுவரிசையில் அடுக்கிப் பார்த்தால் இந்தப் பிசகு சில நேரம் தானே தெரியும். நூலின் கடைசிப் பக்கத்தைவிடப் பெரிய எண் ஒன்று வந்துவிட்டால், எங்கோ திரை எண்ணை எழுதியிருக்கிறீர்கள் என்று பொருள்.

பத்தியின் முடிவில் ஒரே ஓர் அடிக்குறிப்பு. அதில் நான்கு நூல்கள். அப்படியே அடைப்புக்குறிக்குள் போட்டுவிடலாமா?

போடலாம், ஆனால் பெரும்பாலும் போடக் கூடாது. அடிக்குறிப்பு பத்தியின் இறுதியில் இருந்தால் முழுப் பத்திக்கும் அது பொது என்று வாசகர் ஏற்றுக்கொள்வார். அடைப்புக்குறி அப்படியல்ல. அது தான் நிற்கும் வாக்கியத்தை மட்டுமே தாங்குகிறது. நான்கு நூல்களைக் கடைசி வாக்கியத்தின் வாலில் கட்டினால், அந்தக் கடைசி வாக்கியத்தை நால்வரும் சொன்னதாகிவிடும்.

ஒரு பத்தியைப் பார்ப்போம். முதல் வாக்கியம் கங்காணி முறை பற்றியது. இரண்டாவது 1907-இல் உருவான தமிழர் குடியேற்ற நிதி பற்றியது. மூன்றாவது ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்டது பற்றியது. குறிப்பு: "சந்து, பக். 89-92, அரசரத்தினம், ப. 17." இதைப் பிரிக்க நூல்களைத் திறந்தே ஆக வேண்டும். பார்க்கும்போது கங்காணி பற்றிய செய்தி 89-90-லும் நிதி பற்றியது 92-லும் இருப்பதாகவும், 1910 பற்றி அரசரத்தினம் 17-ஆம் பக்கத்தில் சொல்வதாகவும் வைத்துக்கொள்வோம். அப்போது முதல் வாக்கியத்தின் முடிவில் (சந்து 1969, 89-90), இரண்டாவதில் (சந்து 1969, 92), மூன்றாவதில் (அரசரத்தினம் 1970, 17). பழைய குறிப்பில் தொடர்ச்சியாக இருந்த 89-92 இப்போது இரண்டாக உடைந்துவிட்டது. 91-ஆம் பக்கம் விடுபட்டதற்காக வருந்த வேண்டாம். அதில் உங்களுக்குத் தேவையானது இல்லை என்றால் அது முதலிலேயே தேவையில்லாமல் வந்த எண்.

நால்வரும் உண்மையிலேயே ஒரே கருத்தைச் சொல்கிறார்கள் என்றால் மட்டும் அரைப்புள்ளியிட்டு ஒரே அடைப்புக்குள் வையுங்கள்: (சந்து 1969, 92; அரசரத்தினம் 1970, 21). ஒவ்வொருவருக்கும் தனிப் பக்கம் வேண்டும்.

ஒரே பத்தியில் ஒரே நூல் ஐந்து முறை வருகிறது. ஐந்து முறையும் பெயரும் ஆண்டும் எழுதினால் படிக்கவே எரிச்சலாக இருக்கிறதே?

சிகாகோ முறையில், அதே பத்தியில் வேறு நூல் குறுக்கிடாதவரை, இரண்டாம் முறையிலிருந்து பக்கத்தை மட்டும் (84) என்று எழுதலாம். வேறு நூல் நடுவில் வந்துவிட்டால் மீண்டும் முழு வடிவம். புதிய பத்தி தொடங்கினாலும் முழு வடிவம். ஆசிரியர் பெயரை வாக்கியத்திலேயே சொல்லிவிட்டால் அடைப்புக்குள் அதைத் திரும்ப எழுத வேண்டியதில்லை: "சந்து (1969, 84) குறிப்பிடுவதுபோல". இந்தச் சுருக்கங்களை எல்லாம் கடைசி நாளில் செய்யுங்கள். முதலில் எல்லா இடத்திலும் முழு வடிவத்தை எழுதிவிட்டால், பத்திகளை மாற்றி அடுக்கும்போது தனியே நிற்கும் (84) அநாதையாகாது. "மேலது" ஏற்படுத்திய அதே சிக்கலைப் புதிய உருவில் உண்டாக்கிக்கொள்ள வேண்டாம்.

"பக். 45 முதல்", "பல இடங்களில்" என்று எழுதியிருக்கிறேன். அப்படியே விடலாமா?

வேண்டாம். நூலைத் திறந்து எங்கே முடிகிறது என்று பார்த்து 45-48 என்று எழுதுங்கள். "பல இடங்களில்" என்பதற்கு முக்கியமான மூன்று நான்கு பக்கங்களைத் தேர்ந்து 45, 61, 102 என்று தாருங்கள். நூல் முழுவதுமே அந்தக் கருத்தைப் பற்றியது என்றால் பக்கமின்றி ஆண்டை மட்டும் எழுதலாம். எண் வீச்சில் சிகாகோ முறை 145-47 என்று சுருக்கும். ஏபிஏ 145-147 என்று முழுதாக எழுதும். உங்கள் துறை எதையும் வற்புறுத்தவில்லை என்றால் முழுதாகவே எழுதுங்கள். தட்டச்சுப் பிழையைக் கண்டுபிடிக்க அது எளிது.

குறள், புறநானூறு, தொல்காப்பியம் எல்லாம் வருகின்றன. இவற்றுக்கு ஆசிரியர் யார், ஆண்டு எது?

திருவள்ளுவருக்கு ஆண்டு போட்டு எழுதிய கட்டுரைகளைப் பார்த்திருக்கிறேன். பதிப்பின் ஆண்டு வள்ளுவரின் ஆண்டாகி நிற்கும் காட்சி மனத்தை உறுத்துகிறது. பழம்பாடல்களுக்கு நூலுக்கே உரிய எண் இருக்கிறது. எந்தப் பதிப்பைத் திறந்தாலும் அது பெரும்பாலும் மாறாது. (குறள் 396), (புறநானூறு 192), தொல்காப்பியத்துக்கு அதிகாரம், இயல், நூற்பா எண் என்று எழுதுங்கள். பக்க எண் வேண்டியதில்லை. வாசகர் எந்தப் பதிப்பை வைத்திருந்தாலும் பெரும்பாலும் அந்த இடத்துக்கு வந்து சேர்வார்.

உரையாசிரியரின் விளக்கத்தை எடுத்தால் நிலைமை வேறு. பரிமேலழகர் உரையிலிருந்து ஒரு வரியை மேற்கோள் காட்டினால் குறள் எண்ணைத் தாருங்கள், கூடவே நீங்கள் பயன்படுத்திய பதிப்பின் ஆண்டையும் பக்கத்தையும் தாருங்கள். பதிப்புக்குப் பதிப்பு உரையில் பாட வேறுபாடு இருக்கலாம். பதிப்பாசிரியரின் முன்னுரையிலிருந்து எடுத்தால் அது அவருடைய எழுத்து. அவர் பெயரில், அந்தப் பதிப்பின் ஆண்டோடு, ரோமன் எண்ணாக இருந்தால் ரோமன் எண்ணாகவே சுட்ட வேண்டும். அதை வழக்கமான எண்ணாக மாற்றினால் நூலின் உடலில் உள்ள வேறொரு பக்கத்துக்கு வாசகரை அனுப்பிவிடுவீர்கள்.

தேசிய ஆவணக் காப்பகக் கோப்புகளும் பழைய நாளிதழ்களும்தான் எனக்கு முக்கியச் சான்றுகள். இவை இந்த முறைக்குள் அடங்குமா?

முழுதாக அடங்காது, வற்புறுத்தவும் வேண்டாம். எழுதியவர் பெயரில்லாத நாளிதழ்ச் செய்தியை இதழின் பெயரோடும் முழுத் தேதியோடும் உரைக்குள்ளேயே சொல்லிவிடுவது நல்லது: (தமிழ் நேசன், 12 மார்ச் 1938, 5). ஆண்டை மட்டும் எழுதினால் அந்த ஆண்டின் எல்லா இதழ்களையும் வாசகர் புரட்ட வேண்டியிருக்கும். நுண்படச் சுருளில் பார்த்திருந்தால் சட்டகத்தின் எண்ணைப் பக்க எண்ணாக எழுதிவிடாதீர்கள். பிடிஎஃப் பற்றிச் சொன்னது இங்கேயும் பொருந்தும்.

காலனித்துவ அலுவலகக் கோப்புகளுக்குக் கோப்பின் எண்ணே அடையாளம். நீரிணைக் குடியேற்றங்களின் கடிதப் போக்குவரத்து, லண்டனில் உள்ள பிரிட்டிஷ் ஆவணக் காப்பகத்தில் `CO 273` என்ற தொடரில் இருக்கிறது. இத்தகைய கோப்புகளில் பக்க எண்ணுக்குப் பதிலாகத் தாள் எண் இருக்கலாம். ஒரு தாளுக்கு முன்பக்கமும் பின்பக்கமும் உண்டு. உங்கள் பழைய குறிப்பில் "தாள் 212, பின்" என்று இருந்தால் அதை "212" என்று சுருக்கிவிடாதீர்கள். ஆவணங்கள் அதிகமுள்ள கட்டுரை என்றால், நூல்களுக்கு ஆசிரியர்-ஆண்டு, ஆவணங்களுக்கு மட்டும் அடிக்குறிப்பு என்று கலந்து எழுத அனுமதி கிடைக்குமா என்று மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். வரலாற்றுக் கட்டுரைக்கு அதுவே நேர்மையான வழி என்பது என் கருத்து.

சில அடிக்குறிப்புகளில் மேற்கோளோடு என் கருத்தும் நான்கு வரி இருக்கிறது. அவற்றை என்ன செய்வது?

கருத்து கட்டுரைக்குத் தேவை என்றால் உரைக்குள் கொண்டுவாருங்கள், இல்லை என்றால் நீக்குங்கள். இரண்டுக்கும் மனம் வராதவற்றை மட்டும் விளக்கக் குறிப்பாகவே விடலாம். சிகாகோவின் ஆசிரியர்-ஆண்டு முறை அதற்கு இடம் தருகிறது. குறிப்புக்குள் வரும் மேற்கோள்களும் (சந்து 1969, 84) என்ற வடிவத்துக்கு மாற வேண்டும். இன்னொன்று: "மேலே குறிப்பு 12 காண்க" என்று எங்கேனும் எழுதியிருந்தால் அந்த எண் இனி இருக்காது. `குறிப்பு` என்ற சொல்லைக் கோப்பு முழுவதும் தேடி அவற்றை ஒவ்வொன்றாகச் சரிசெய்யுங்கள்.

ஸோட்டெரோவில் எல்லாமே இருக்கிறது. பாணியை மாற்றினால் தானாகவே மாறிவிடாதா?

ஸோட்டெரோ வழியாகச் செருகிய மேற்கோள்களின் வடிவம் மாறும். அடிக்குறிப்புக்குள் கையால் தட்டிய "மேலது, ப. 84" என்பது அதற்கு வெறும் எழுத்து. அதைத் தொடாது. அதேபோல், மேற்கோளைச் செருகும்போது பக்க எண்ணை `Page` என்ற பெட்டியில் இட்டிருந்தால் அது புதிய வடிவத்திலும் வரும். செருகிய பிறகு பக்கத்தில் கையால் ", 84" என்று சேர்த்திருந்தால், புதுப்பிக்கும்போது அது அழிந்துபோகக் கூடும். நீங்கள் கையால் திருத்தியிருப்பதாக மென்பொருள் எச்சரிக்கும்போது அவசரத்தில் சம்மதம் கொடுத்துவிடாதீர்கள்.

மாற்றுவதற்கு முன் ஒவ்வொரு மேற்கோளையும் திறந்து பக்க எண் பெட்டிக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். மாற்றிய பிறகு பழைய அட்டவணையோடு ஒப்பிடுங்கள். மென்பொருள் எண்ணை இடம் மாற்றித் தரும். அந்த எண் எந்தப் பதிப்பைச் சேர்ந்தது என்பதை நூலைப் பார்த்த உங்களால்தான் சொல்ல முடியும்.

பெயர்களை எப்படி வரிசைப்படுத்துவது? ஒருவரே ஒரே ஆண்டில் இரண்டு எழுதியிருந்தால்?

அரசரத்தினம் என்பது அவருடைய பெயர், சின்னப்பா என்பது தந்தையின் பெயர். எனவே உரைக்குள் அரசரத்தினம். தமிழ்ப் பெயர்களில் தலையெழுத்தைப் பின்னுக்குத் தள்ளி இயற்பெயரில் வரிசைப்படுத்துங்கள். மலாய்ப் பெயர்களில் "பின்", "பிந்தி"க்கு முன்னால் வருவதே அவருடைய பெயர். சீனப் பெயர்களில் குடும்பப் பெயர் முதலில் வருகிறது. வரலாற்றாசிரியர் கூ கே கிம் என்றால் உரைக்குள் "கூ". இதைக் கிம் என்று எழுதிவிட்டால் வாசகர் பட்டியலில் தேடிக் களைத்துப்போவார்.

ஒரே ஆண்டில் இரண்டு என்றால் 1968அ, 1968ஆ. எழுத்தைப் பட்டியல் முழுதாக முடிந்த பிறகுதான் கொடுக்க வேண்டும், ஏனென்றால் அது தலைப்பின் அகரவரிசைப்படி வருவது. புதிதாக ஒரு கட்டுரையைச் சேர்த்தால் எழுத்துகள் இடம் மாறும். அப்போது உரைக்குள் இருக்கும் எல்லா 1968அ-வையும் தேடிப் பாருங்கள். பக்கம் சரியாக இருந்தும் எழுத்து தவறினால் வாசகர் வேறொரு கட்டுரையின் அதே பக்கத்தைத்தான் திறப்பார்.

இன்னொரு நூலில் காட்டப்பட்டிருந்த மேற்கோளை எடுத்திருக்கிறேன். யாருடைய பக்கம்?

நீங்கள் கையில் வைத்திருந்த நூலின் பக்கம். மூல ஆசிரியரின் பெயரை வாக்கியத்தில் சொல்லிவிட்டு, அடைப்புக்குள் (மேற்கோள்: சந்து 1969, 92) என்று எழுதுங்கள். சந்துவின் அடிக்குறிப்பில் உள்ள பக்க எண்ணை எடுத்து, மூல நூலை நீங்களே பார்த்ததுபோல் எழுதக் கூடாது.

எல்லாம் மாற்றியாகிவிட்டது. கடைசியாக எப்படிச் சரிபார்ப்பது?

பழைய கோப்பில் `^f` என்று தேடினால் வேர்ட் ஒவ்வோர் அடிக்குறிப்பு எண்ணாக நிறுத்திக் காட்டும். பழைய கோப்பு இடப்பக்கம், புதியது வலப்பக்கம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் புதிய கோப்பில் அதே வாக்கியத்தைப் பார்த்து, அட்டவணையில் அந்த வரிசைக்கு அடையாளமிடுங்கள். அடையாளமில்லாத வரிசை மிஞ்சினால் ஒரு மேற்கோள் விடுபட்டிருக்கிறது.

அடுத்து, உரைக்குள் வரும் ஒவ்வொரு பெயரும் ஆண்டும் பட்டியலில் இருக்கிறதா, பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் உரைக்குள் எங்காவது வருகிறதா என்று இருபுறமும் பாருங்கள். 1970 என்று உரையிலும் 1979 என்று பட்டியலிலும் இருப்பது இந்தச் சோதனையில்தான் பிடிபடும்.

மூன்றாவது, கணினியை மூடிவிட்டு நூல்களோடு உட்காருவது. நேரடி மேற்கோள்கள் அனைத்தையும், எண்ணோ ஆண்டோ வரும் செய்திகள் அனைத்தையும் பக்கத்தோடு ஒப்பிடுங்கள். நூல் வாரியாகச் செய்தால் ஒரு நூலை ஒருமுறை எடுத்தால் போதும். ஒரு நூலில் இரண்டு பக்கங்கள் தவறாக இருந்தால் அந்த நூலுக்கான எல்லாப் பக்கங்களையும் பாருங்கள். தவறு இரண்டும் ஒரே அளவில் தள்ளியிருந்தால் திரை எண்ணையோ வேறு பதிப்பையோ பயன்படுத்தியிருக்கிறீர்கள். தாறுமாறாக இருந்தால், ஏதோ ஒரு "மேலது" தவறான நூலைப் பிடித்திருக்கிறது. அட்டவணையில் அந்த வரிசைக்குச் சற்று மேலே தேடுங்கள்.